1047ஆம் பில் எங்கே போனது?

ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் 13ஆம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. பலர் அதைக் கடைசியில், அவசரத்தில் நிரப்புவார்கள். அந்த மாதம் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பில் போட்டீர்கள், மொத்தம் எத்தனை, அதில் ரத்தானவை எத்தனை, மீதி எத்தனை என்று அது கேட்கிறது. கழித்துப் பார்த்தால் விடை வரும் எளிய கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கு ஒத்துவராத கடைகள் நிறைய. 1001 முதல் 1400 வரை பில் போட்டதாக மென்பொருள் சொல்லும்; எண்ணிப் பார்த்தால் 391தான் இருக்கும்; ரத்தானது ஒன்றுகூட இராது. மீதி ஒன்பது எங்கே என்று ஆடிட்டர் கேட்டால் கடைக்காரர் கணினிக்காரரைப் பார்ப்பார். அவர் தரவுத்தளத்தைக் கைகாட்டுவார்.

மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 46ஆம் விதி, பில்லுக்குத் தொடர்ச்சியான வரிசை எண் வேண்டும் என்கிறது. 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. எழுத்தும் எண்ணும் வரலாம், குறிகளில் சிறுகோடும் சாய்கோடும் மட்டும் வரலாம். ஒரு நிதியாண்டுக்குள் அதே எண் இரண்டாம் முறை வரக் கூடாது. ஒரே வரிசைதான் என்றில்லை, பல வரிசைகளும் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கடைசிச் சலுகையை நினைவில் வையுங்கள், பின்னால் கைகொடுக்கும்.

அச்சடித்த பில் புத்தகம் இருந்த காலத்தில் இந்தச் சிக்கல் எழவே வழியில்லை. எண் தாளிலேயே அச்சாகியிருந்தது. தப்பாக எழுதினால் குறுக்கே கோடு போட்டு 'கேன்சல்' என்று எழுதி, கார்பன் நகலோடு புத்தகத்திலேயே விட்டுவிடுவார்கள். எழுதப்படாமல் போன பில்லுக்கும் தாள் சாட்சியாக இருந்தது. கணினியில் அந்தத் தாள் இல்லை. பாதியில் நின்ற பில் சுவடே இல்லாமல் மறைந்துவிடும், எண்ணை மட்டும் தன்னோடு எடுத்துக்கொண்டு.

அது எப்படி நடக்கிறது என்று ஒரே ஒரு எண்ணை வைத்துப் பார்ப்போம். ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடை, இரண்டு பில் கவுண்டர்கள், பின்னால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் எண்ணை `bill_no_seq` என்ற சீக்வென்ஸ் தருகிறது. சீக்வென்ஸ் என்பது கேட்கும்போதெல்லாம் அடுத்த எண்ணை நீட்டுகிற எண்ணி; `nextval` என்று கேட்டால் கொடுக்கும்.

காலை 11:20:05. முதல் கவுண்டரில் 40 உருப்படிகள் கொண்ட பெரிய பில். டிரான்சாக்‌ஷன் தொடங்குகிறது, சீக்வென்ஸ் 1047ஐத் தருகிறது, உருப்படிகள் ஒவ்வொன்றாக இருப்பிலிருந்து கழிகின்றன. 11:20:06. இரண்டாவது கவுண்டரில் இரண்டே உருப்படி. அதற்கு 1048 கிடைக்கிறது, கமிட் ஆகிறது, அச்சாகிறது, வாடிக்கையாளர் கையில் வாங்கிக்கொள்கிறார். 11:20:07. முதல் கவுண்டரின் 38ஆம் உருப்படியில் 50 லுங்கி கேட்டிருக்கிறது, இருப்பில் 46தான். இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று அட்டவணையில் போட்ட நிபந்தனை தடுக்கிறது. டிரான்சாக்‌ஷன் ரோல்பேக் ஆகிறது.

டிரான்சாக்‌ஷன் என்றால் முழுவதும் நடக்க வேண்டும், இல்லையேல் எதுவுமே நடக்காதது போல் ஆகிவிட வேண்டும். அதன்படி முதல் 37 உருப்படிகளின் இருப்பும் பழையபடி திரும்பிவிட்டது, வாடிக்கையாளரின் பற்றும் திரும்பிவிட்டது, பில்லே இல்லை. எல்லாம் திரும்பியது, 1047 மட்டும் திரும்பவில்லை. உருப்படியைத் திருத்தி மறுபடி பில் போட்டால் 1049 வருகிறது.

உங்களிடம் போஸ்ட்கிரெஸ் இருந்தால் இதை நீங்களே பார்க்கலாம்:

```sql
CREATE SEQUENCE test_seq;
BEGIN;
SELECT nextval('test_seq');   -- 1
ROLLBACK;
SELECT nextval('test_seq');   -- 2
```

இதைக் குறையென்று நினைத்து முறையிடுபவர்கள் உண்டு. குறை இல்லை, வேண்டுமென்றே இப்படி வைத்திருக்கிறார்கள். ஏன் என்பதற்கு 11:20:07க்கே திரும்பிப் போவோம். அந்த நொடியில் சீக்வென்ஸ் என்ன செய்திருக்கலாம்?

எண்ணியை 1046க்குப் பின்னே தள்ளலாமா? தள்ளினால் அடுத்தவருக்கு 1047, அதற்கடுத்தவருக்கு 1048. ஆனால் 1048 ஏற்கெனவே ஒருவர் பையில் இருக்கிறது. ஒரே எண்ணில் இரண்டு பில், இடைவெளியை விட மோசம். சரி, திரும்பி வந்த 1047ஐ மட்டும் தனியே குறித்து வைத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாமா? கொடுக்கலாம்தான், ஆனால் அடுத்தவர் எப்போது வருவார்? மாலையில் வந்தால், காலையில் போட்ட 1048க்கு முந்தைய எண்ணில் மாலை பில் இருக்கும். மாதக் கடைசி இரவில் இது நடந்தால் முந்தைய எண் அடுத்த மாதத் தேதியோடு நிற்கும். வரிசை எண் என்ற சொல்லுக்கே பொருள் போய்விடும்.

மிஞ்சுவது ஒரே வழி. 11:20:06க்கு இரண்டாவது கவுண்டர் எண் கேட்டபோதே, "பொறு, 1047இன் கதி தெரியட்டும்" என்று நிறுத்தி வைத்திருக்க வேண்டும். 1047 கமிட் ஆனால் உனக்கு 1048. ரோல்பேக் ஆனால் 1047ஏ உனக்கு. இடைவெளியும் வராது, இரட்டிப்பும் வராது. அதற்கு விலையாகக் காத்திருக்க வேண்டும். எண்ணைக் கொடுக்கும் நேரத்தில் அந்தப் பில் நிலைக்குமா போகுமா என்று யாருக்கும் தெரியாது. தெரியும் வரை மற்றவர்களை நிறுத்துவதா, தெரியாமலே கொடுத்துக்கொண்டு போவதா என்பதுதான் கேள்வி. சீக்வென்ஸ் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. ஒரே நேரத்தில் நூறு பேர் கேட்டாலும் யாரும் யாருக்காகவும் நிற்கக் கூடாது என்பதற்காகவே அதைப் படைத்தார்கள். எண் இரட்டிக்காது என்பது மட்டுமே அது தரும் வாக்கு. விட்டுப்போகாது என்று அது எங்கும் சொல்லவில்லை.

ரோல்பேக் மட்டுமே காரணம் என்றும் நினைக்க வேண்டாம். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு `nextval`க்கும் வட்டின் பதிவேட்டில் எழுதுவதில்லை. 32 எண்களை முன்கூட்டியே செலவானதாக எழுதி வைத்துவிட்டு, அவற்றை நினைவகத்திலிருந்து கொடுத்துக்கொண்டே போகும். திடீரென்று மின்சாரம் போய், யூபிஎஸ்ஸும் கைவிட்டால், மீண்டு வரும்போது கொடுக்காத எண்களையும் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளும். புதிய சீக்வென்ஸிலிருந்து 1 வாங்கிய கையோடு சர்வர் சரிந்தால், எழுந்த பிறகு அடுத்த எண் 34 ஆக இருக்கலாம். முறைப்படி நிறுத்தித் தொடங்கினால் இந்தத் தாவல் வராது. ஆரக்கிள் சீக்வென்ஸ் வழக்கமாக 20 எண்களை நினைவகத்தில் வைத்திருக்கும். எஸ்க்யூஎல் சர்வரில் 2012 பதிப்பு முதல், சாதாரண முழு எண் அடையாளப் பத்திகள் திடீர் நிறுத்தத்துக்குப் பின் ஆயிரம் தாவிக் குதித்து நிர்வாகிகளைத் திகைக்க வைத்திருக்கின்றன. "ரோல்பேக்கே வராதபடி நிரல் எழுதிவிடுகிறேன்" என்று யாராவது சவால் விட்டால், மின்வாரியத்திடமும் உத்தரவாதம் வாங்கிவிட்டாரா என்று கேளுங்கள்.

சீக்வென்ஸ் வேண்டாம் என்றதும் முதலில் மனத்தில் தோன்றுவது, "இருக்கிற பெரிய பில் எண்ணோடு ஒன்று கூட்டிக்கொள்ளலாமே" என்பது. `SELECT max(bill_no) + 1`. ஒருவர் மட்டும் உட்கார்ந்து சோதிக்கும்போது இது அழகாக ஓடும். இரண்டு கவுண்டர்கள் ஒரே நொடியில் கேட்டால், ஒன்றின் கமிட் ஆகாத பில் மற்றதன் கண்ணில் படாது. இருவருக்கும் 1047 கிடைக்கும். பில் எண் பத்தியில் தனித்துவ நிபந்தனை போட்டிருந்தால் பின்னால் வந்தவருக்குப் பிழைச் செய்தி வரும், மறுபடி முயல வேண்டும். போடாவிட்டால் சத்தமே இல்லாமல் இரண்டு 1047 உட்கார்ந்துவிடும். இன்னொரு கேடும் உண்டு. கடைசிப் பில்லை யாராவது அழித்துவிட்டால் அதே எண் அடுத்தவருக்குப் போகும், அழித்த தடயம் எங்கும் இராது. வரி அதிகாரி அஞ்சுவது சரியாக இதைத்தான்.

உருப்படியான வழி, பழைய பில் புத்தகத்தையே தரவுத்தளத்துக்குள் கொண்டுவருவது. `bill_counter` என்று ஒரு சிறிய அட்டவணை. ஒவ்வொரு வரிசைக்கும், ஒவ்வொரு நிதியாண்டுக்கும் அதில் ஒரே ஒரு வரி. கடைசியாகக் கொடுத்த எண் அந்த வரியில் இருக்கும். பில் போடும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள் அதைக் கூட்டி, வந்த எண்ணைப் பில்லில் எழுத வேண்டும்:

```sql
UPDATE bill_counter
   SET last_no = last_no + 1
 WHERE series = 'ER' AND fy = '25-26'
RETURNING last_no;
```

இது சாதாரண அட்டவணை, சாதாரண UPDATE. ஆகவே டிரான்சாக்‌ஷன் ரோல்பேக் ஆனால் எண்ணும் கூடவே 1046க்குத் திரும்பிவிடும். மின்சாரம் போனாலும் அப்படியே. இரட்டிப்பு வராதா என்றால், ஒரு வரியை ஒருவர் மாற்றத் தொடங்கியதும் தரவுத்தளம் அதைப் பூட்டிவிடுகிறது. கமிட்டோ ரோல்பேக்கோ ஆகும் வரை பூட்டு விலகாது. இரண்டாவது கவுண்டரின் UPDATE அந்த வாசலில் நிற்கும். பூட்டு விலகியதும், போஸ்ட்கிரெஸின் வழக்கமான நிலையான ரீட் கமிட்டடில், அது வரியைப் புதிதாகப் படித்து அதன்மேல் கூட்டும். இதைவிடக் கடுமையான தனிமை நிலையில் ஓட்டினால், காத்திருந்தவருக்கு எண்ணுக்குப் பதில் `could not serialize access due to concurrent update` என்ற பிழை வரும். அது கோளாறு இல்லை. டிரான்சாக்‌ஷனை முதலிலிருந்து மறுபடி ஓட்டச் சொல்கிறது, அவ்வளவுதான். எப்படி ஓட்டினாலும் பில் எண் பத்தியில் தனித்துவ நிபந்தனை இருக்கட்டும். யாராவது கையால் எண் எழுதினால் அது காட்டிக்கொடுக்கும்.

முன்னே சொன்ன காத்திருப்பு இங்கே வந்துவிட்டது. அது எவ்வளவு என்று கணக்கிடலாம். 40 உருப்படிப் பில்லின் டிரான்சாக்‌ஷன் 40 மில்லிவினாடி எடுக்கிறது என்று கொள்வோம். எண்ணைத் தொடக்கத்திலேயே வாங்கினால் பூட்டு 40 மில்லிவினாடியும் கையில் இருக்கும். அந்த வரிசையில் வினாடிக்கு 25 பில்லுக்கு மேல் போகாது. இருப்பு, பற்று, வரி எல்லாவற்றையும் முதலில் முடித்து, கமிட்டுக்கு முந்தைய படியாக எண்ணை வாங்கினால் பூட்டு 4 மில்லிவினாடிதான் இருக்கும். வினாடிக்கு 250 பில். நிரலில் ஒரு வரியை மேலிருந்து கீழே நகர்த்தியதற்குப் பத்து மடங்கு பலன். அதோடு, லுங்கி போதாமல் தோற்கிற பில் எண்ணி வரை வருவதே இல்லை.

வினாடிக்கு 25 பில் எந்த ஜவுளிக் கடைக்கும் கனவில்கூட வராது. "பூட்டு போட்டால் வேகம் செத்துவிடும்" என்று இந்த முறையை ஒதுக்குபவர்கள் பெரும்பாலும் கணக்குப் போடாமல் பயப்படுகிறார்கள். அப்படியே நெரிசல் வந்தாலும் 46ஆம் விதியின் சலுகை இருக்கிறது: கிளைக்கு ஒன்று, கவுண்டருக்கு ஒன்று என்று வரிசைகளைப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் தனி வரி, தனிப் பூட்டு. `ER/25-26/001047` என்று எழுதினாலும் 15 எழுத்துதான், 16க்குள் அடங்கும்.

உண்மையான ஆபத்து வேகத்தில் இல்லை, டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பதில் இருக்கிறது. எண்ணை வாங்கிய பிறகு 'அச்சிடவா?' என்று திரையில் கேட்டு, பதில் வந்த பின்தான் கமிட் செய்கிற மென்பொருள்கள் உண்டு. அந்தக் கேள்வியைத் திரையில் விட்டுவிட்டு ஆபரேட்டர் டீ குடிக்கப் போனால் கடையின் எல்லாக் கவுண்டர்களும் உறைந்து நிற்கும். அடையாளம் காண்பது எளிது: `pg_stat_activity`யில் ஒரு இணைப்பு `idle in transaction` என்று சும்மா உட்கார்ந்திருக்கும், மற்றவை பூட்டுக்காகக் காத்திருப்பதாகக் காட்டும். `idle_in_transaction_session_timeout` அமைப்பில் சில வினாடி வரம்பு வைத்தால் தரவுத்தளமே அந்த இணைப்பைத் துண்டித்துவிடும். எண்ணும் பத்திரமாகத் திரும்பிவிடும்.

இதே தவற்றின் இன்னொரு வடிவம் இ-இன்வாய்ஸ். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் 2023 ஆகஸ்ட் முதல், பிற வணிகர்களுக்குப் போடும் பில்லை அரசின் பதிவு இணையதளத்துக்கு அனுப்பி 64 எழுத்து அடையாள எண் பெற வேண்டும். இந்த அனுப்புதலை டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்தால், இணையதளம் பதில் தர இரண்டு வினாடி எடுக்கும்போது கடையும் இரண்டு வினாடிக்கு ஒரு பில்தான் போடும். மெதுவாவது மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இணையதளம் பதிந்துவிட்டது, பதில் மட்டும் வழியில் தொலைந்தது, நம் பக்கம் ரோல்பேக் ஆகிவிட்டது என்றால்? அரசிடம் 1047 இருக்கிறது, நம்மிடம் இல்லை. அடுத்த வாடிக்கையாளருக்கு அதே 1047ஐக் கொடுப்போம், இணையதளம் ஏற்காது. எனவே முதலில் பில்லை எண்ணோடு கமிட் செய்து, 'பதிவுக்குக் காத்திருக்கிறது' என்று குறித்துவிட வேண்டும். பிறகு தனியே அனுப்ப வேண்டும். தகவல் பிழை என்று மறுத்தால் திருத்தி அதே எண்ணிலேயே மறுபடி அனுப்பலாம்.

பதிந்த பில்லை ரத்து செய்ய 24 மணி நேரம் உண்டு. ரத்தான எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. பில் புத்தகத்தின் 'கேன்சல்' கோடு இங்கே அப்படியே தொடர்கிறது. ரத்து என்றால் DELETE செய்யக் கூடாது, வரியை விட்டுவைத்து நிலையை மட்டும் மாற்ற வேண்டும். ரத்தான பில் இடைவெளி ஆகாது. 13ஆம் அட்டவணையில் அதற்கென்றே பத்தி இருக்கிறது. இடம் இல்லாதது, ஆவணமே இல்லாத எண்ணுக்குத்தான்.

தேதியில் ஒரு சிறு கண்ணி இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் `now()` தருவது டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம், அந்த வரி ஓடும் நேரம் அல்ல. இரவு 11:59:59க்குத் தொடங்கிய பெரிய பில், பின்னால் தொடங்கிய சிறிய பில்லுக்கு அப்புறம் எண் வாங்கினால், பெரிய எண்ணில் முந்தைய நாள் தேதி இருக்கும். மார்ச் 31 இரவில் இது நிதியாண்டையே மாற்றிவிடும். பூட்டு கைக்கு வந்த பிறகு `clock_timestamp()` கொண்டு நேரம் எடுத்தால் எண்ணும் நேரமும் ஒரே திசையில் போகும். எடுத்த நேரம் அடுத்த நிதியாண்டில் விழுந்திருந்தால், பழைய ஆண்டின் எண்ணோடு கமிட் செய்யாமல், ரோல்பேக் செய்து புதிய ஆண்டின் வரியிலிருந்து எண் வாங்குங்கள்.

சீக்வென்ஸைத் தூக்கி எறிய வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. பில்லின் உள் அடையாளத்துக்கும், உருப்படிகளுக்கும், வரைவு பில்லுக்கும் சீக்வென்ஸே சரி. அங்கே இடைவெளி யாரையும் உறுத்தாது. தாளில் அச்சாகி வாடிக்கையாளரிடம் போகும் எண்ணுக்கு மட்டும் எண்ணி அட்டவணை போதும். இரண்டு வேலையையும் ஒரே எண்ணிடம் கொடுத்ததுதான் பல மென்பொருள்களின் தொடக்கத் தவறு.

உங்கள் கடையின் பில்கள் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்பதை ஒரு கேள்வியில் பார்த்துவிடலாம்:

```sql
SELECT prev_no + 1 AS gap_from, bill_no - 1 AS gap_to
FROM (SELECT bill_no,
             lag(bill_no) OVER (ORDER BY bill_no) AS prev_no
      FROM bill
      WHERE series = 'ER' AND fy = '25-26') t
WHERE bill_no > prev_no + 1;
```

வரிசையின் நடுவில் விட்டுப்போன எண்களை மட்டுமே இது காட்டும். முதல் பில் 1தானா, கடைசிப் பில்லும் எண்ணி அட்டவணையின் `last_no`வும் ஒன்றுதானா என்பதைத் தனியே ஒப்பிடுங்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1இன் கடைசி நாள் அடுத்த மாதம் 11ஆம் தேதி. இந்தக் கேள்வியை 1ஆம் தேதியே ஓட்டிவிடுங்கள்; விட்டுப்போன எண் இருந்தால் சர்வரின் பிழைப் பதிவேட்டில் அந்த நேரத்தைத் தேடி, காரணத்தை எழுதி, ஆடிட்டரிடம் முன்கூட்டியே கொடுங்கள்.